மூண்டு கரண்டி ஓட்ஸுக்கு எல்.டி.எல். இறங்குமா?

வாவிக்கரை | 2024 ஜனவரி 9, பகல் 1.20

செப்டம்பரில இருந்து ஒவ்வொரு நாளும் காலையில ஓட்ஸ் குடிக்கிறன். ஒரு நாளும் விட்டதில்ல. நேற்று ரத்தம் குடுத்துப் பார்த்தா கெட்ட கொலஸ்ட்ரோல் எண்டு சொல்ற எல்.டி.எல். 161இல இருந்து 158. நாலு மாசத்துக்கு மூண்டு புள்ளி. ரத்தத்தில இருக்கிற மற்றக் கொழுப்பு, ட்ரைகிளிசரைட், இறங்காம 240க்கு ஏறிக் கிடக்கு. ஓட்ஸ் எல்லாம் பெட்டி விக்கிறதுக்குச் சொல்ற கதை எண்டு முடிவெடுத்திட்டன். ஆருக்காவது உண்மையிலயே இறங்கினதா? வயது 41, டவுனில கடை வச்சிருக்கன். சீனி வருத்தம் இல்ல.

கல்லாற்று அடுப்படி | ஜனவரி 9, இரவு 9.45

எனக்கு இறங்கினது. முதல் தடவை இறங்கேல்ல, ரெண்டாந்தரம்தான் இறங்கினது. ரெண்டுக்கும் நடுவில என்ன மாறினது எண்டு சொல்றன், உங்கட கதையும் அதுதானா எண்டு பாருங்க.

2022 டிசம்பரில எனக்கு எல்.டி.எல். 162, ட்ரைகிளிசரைட் 260. டொக்டர் மூண்டு மாசம் சாப்பாட்டால பாருங்க எண்டார். காலையில மூண்டு மேசைக்கரண்டி ஓட்ஸ், ரெண்டு கரண்டி பால்மா, ஒரு கரண்டி சீனி, சுடுதண்ணி. குடிச்சிட்டு ஒன்பதரைக்குப் பசிக்கும். பாணும் சம்பலும் சாப்பிடுவன். மூண்டு மாசத்தில 156. உங்களைப் போலத்தான் எனக்கும் வெறுத்துப் போச்சு.

நான் ஓடருக்கு கேக் அடிக்கிற ஆள். ஒரு நாள் பட்டர் கேக்குக்கு மா நிறுத்திட்டு இருக்கக்குள்ள, பக்கத்தில ஓட்ஸ் டின் இருந்திச்சு. அந்த மூண்டு கரண்டியைத் தராசில போட்டுப் பார்த்தன். 22 கிராம்.

உருட்டி நசுக்கின ஓட்ஸ் 100 கிராமில, கொலஸ்ட்ரோலுக்கு வேலை செய்யிற அந்த வழுவழுப்பான நார் கிட்டத்தட்ட 4 கிராம்தான் இருக்கு. பீட்டா குளுக்கான் எண்டு அதுக்குப் பேர். ஒரு நாளைக்கு அது 3 கிராமாவது உள்ள போகோணும். என்ர 22 கிராமில ஒரு கிராம் கூட இல்ல. மூண்டு மாசமா மூண்டில ஒரு பங்கு மருந்தைக் குடிச்சிட்டு மருந்து சரியில்ல எண்டு சொன்ன மாதிரித்தான் அது.

எத்தனை கரண்டி போடுறீங்க, அதுக்குள்ள வேற என்ன போடுறீங்க, மறுகா என்ன சாப்பிடுறீங்க? மூண்டையும் எழுதுங்க தம்பி.

வாவிக்கரை | ஜனவரி 9, இரவு 10.30

கரண்டி எண்ணுறதில்ல அக்கா. கடைக்குப் பக்கத்தில விக்கிற சின்னப் பைக்கற்று, இனிப்புப் போட்டது, காலையில ஒண்டு. பத்து மணிக்கு ரெண்டு பணிஸ், பால் ரீ. கடையில நிண்டா ஒரு நாளைக்கு அஞ்சாறு ரீ போகும்.

கல்லாற்று அடுப்படி | ஜனவரி 10, காலை 5.50

ராத்திரி எழுதினதில ஒண்டை விட்டுட்டன். ரெண்டாந்தரம் எனக்கு 142க்கு இறங்கினது. இருபது புள்ளி. அந்த இருபதையும் ஓட்ஸுக்குக் குடுத்திடக் கூடாது. அதே நேரத்தில நான் தேங்காய்ப்பாலையும் குறைச்சன், பால்மாவையும் விட்டன். ஓட்ஸ் மட்டும் எவ்வளவு இறக்கினது எண்டு என்னால பிரிச்சுச் சொல்ல ஏலாது.

உங்கட பைக்கற்றின் பின்பக்கத்தைப் பாருங்க. எத்தனை கிராம், அதில சீனி எத்தனை கிராம் எண்டு இருக்கும்.

வாவிக்கரை | ஜனவரி 10, காலை 8.15

35 கிராம். அதில 10 கிராம் சீனி.

சம்மாந்துறை வட்டைக்காரன் | ஜனவரி 12, மாலை 6.05

இந்த ஓட்ஸுக்குப் பின்னால எல்லாரும் ஓடுறது எனக்குப் பிடிக்கிறதில்ல. எங்கட வட்டையில விளையுற சிவப்பரிசியில நார் இல்லையா? குரக்கன் பிட்டில இல்லையா? எங்கட வாப்பா 78 வயது வரைக்கும் தவிட்டரிசிச் சோறுதான், ஓட்ஸைக் கண்ணால கண்டதில்ல. நார் எண்டா எல்லாம் நார்தானே. இன்னொண்டு, தேங்காயில கொலஸ்ட்ரோல் கிடையாது. மரத்தில காய்க்கிற ஒண்டுக்குள்ள கொலஸ்ட்ரோல் எங்கால வரும்? தேங்காய்ப்பாலைக் குறைச்சன் எண்டு அக்கா ஏன் எழுதினாங்க?

கல்முனைக் கம்பவுண்டர் | ஜனவரி 13, காலை 10.40

நாற்பது வருடம் மருந்து கொடுத்தவன், இப்போது ஓய்வு. தம்பி சொன்னதில் பாதி சரி.

தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்பது உண்மை. ஆனால் இரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை நம் உடம்பேதான் செய்கிறது. தேங்காயில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, ஈரல் இரத்தத்தில் இருந்து எல்.டி.எல்.லை இழுத்தெடுக்கும் வேலையை மந்தமாக்கும். அதனால்தான் கொலஸ்ட்ரோலே இல்லாத ஒரு பொருள் எல்.டி.எல்.லை ஏற்றுகிறது.

நாரும் ஒன்றல்ல. சிவப்பரிசித் தவிட்டிலும் குரக்கனிலும் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையாத நார். மலம் இலகுவாகப் போகும், வயிறு நிரம்பும், வெள்ளையரிசியை விட எவ்வளவோ நல்லது. ஆனால் எல்.டி.எல்.லை இறக்கும் வேலையை அது செய்வது மிகக் குறைவு. அந்த வேலைக்குக் கரைந்து கூழாகும் நார் வேண்டும். ஓட்ஸ் கஞ்சி ஆறினால் கரண்டியில் இழுபடுகிறதே, அதுதான். வெண்டிக்காயை வெட்டினால் கையில் ஒட்டுவதும், ஊறிய வெந்தயத்தின் வழுவழுப்பும் அதே இனம்.

அது செய்யும் வேலை இதுதான். ஈரல் கொலஸ்ட்ரோலில் இருந்து பித்தநீரைச் செய்து குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைக் கரைத்து முடித்ததும் அந்தப் பித்தத்தில் பெரும்பகுதி குடலின் கடைசிப் பக்கத்தில் உறிஞ்சப்பட்டுத் திரும்ப ஈரலுக்கே போகும். ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப இறைக்கும் கிணறு மாதிரி. அந்த வழுவழுப்புக்குள் பித்தம் சிக்கினால் ஒரு பங்கு மலத்தோடு வெளியே போய்விடும். குறைந்ததை நிரப்ப ஈரல் இரத்தத்தில் இருந்து எல்.டி.எல்.லை எடுத்தாக வேண்டும். இரத்தத்தில் குறைவது அதனால்தான்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல், இதயத்துக்கு நல்லது என்று ஓட்ஸ் பெட்டியில் போட அனுமதித்தது. அப்போது வைத்த அளவும் நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான்தான். உலர்ந்த ஓட்ஸ் என்றால் ஏறக்குறைய 75 கிராம். அதை ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்.டி.எல். நூற்றுக்கு ஐந்து, ஆறு, ஏழு என்ற அளவில் இறங்கும். கல்லாற்றுத் தங்கையின் 162க்கு அது எட்டில் இருந்து பதினொன்று வரைதான். மீதி தேங்காய்ப்பாலும் பால்மாவும் குறைந்ததால் வந்திருக்கும்.

சம்மாந்துறை வட்டைக்காரன் | ஜனவரி 13, மாலை 7.30

அரிசி விசயம் விளங்கிட்டு ஐயா. தேங்காய் விசயம் எனக்கு இன்னும் மனசுக்கு ஏறேல்ல. தலைமுறை தலைமுறையா தேங்காய்ப்பால் தின்ட சனம் நாங்க.

கல்லாற்று அடுப்படி | ஜனவரி 17, இரவு 8.10

பொங்கல் வேலையில வரக் கிடைக்கேல்ல. பொங்கலுக்கு முதல் பால் விட்டுத்தான் பொங்கினன், ரெண்டு கரண்டி சாப்பிட்டன்.

இப்ப ட்ரைகிளிசரைட்டுக்கு வாறன். வாவிக்கரைத் தம்பி எல்.டி.எல்.லையே பார்த்திட்டு இருக்கிறார், எனக்கு அவரின்ர 240தான் கூடக் கண்ணில குத்துது. இது ரெண்டும் ஒரே கடிதாசியில வந்தாலும் வேற வேற வாசலால வாற ஆக்கள். எல்.டி.எல்.லை ஏத்துறது கூடுதலா நிறைவுற்ற கொழுப்பு. ட்ரைகிளிசரைட்டை ஏத்துறது சீனி, பாண், பணிஸ், வெள்ளைச் சோறு, மதுபானம். தேவைக்கு மிஞ்சின மாச்சத்தை ஈரல் கொழுப்பாக்கி இரத்தத்துக்குள்ள விடுது. ஓட்ஸைக் குடிச்சிட்டு மேல ரெண்டு பணிஸும் ஆறு ரீயும் எண்டா, எல்.டி.எல். கொஞ்சம் இறங்கினாலும் மற்றது ஏறத்தான் செய்யும்.

நான் என்ர ரீயை எண்ணினன். ஆறு. ஒவ்வொண்டிலயும் ரெண்டு தேக்கரண்டி சீனி. பன்னிரண்டு கரண்டியையும் ஒரு கிண்ணத்தில போட்டுத் தராசில வச்சா 52 கிராம். நான் சின்னக் கேக்குக்குப் போடுற சீனியில பாதி. அந்தக் கிண்ணத்தைக் கண்ட பிறகு மனசு கேக்கேல்ல. இப்ப ரெண்டு ரீ, சீனி இல்லாத பிளேன்ரீ, ஒரு கடி இஞ்சி.

பகல் சோறு அஞ்சு அகப்பை போடுவன், ரெண்டாக்கினன். வெறுமனே குறைச்சா பின்னேரம் கண்டதையும் தின்னச் சொல்லும், அதால அந்த இடத்தை நிரப்போணும். கௌபியோ கடலையோ அவிச்சு ஒரு கோப்பை, அதோட வெண்டிக்காயோ கத்தரிக்காயோ. கடலையிலயும் கௌபியிலயும் கரையிற நார் கிடக்கு, அதால ஒரே கல்லில ரெண்டு மாங்காய். சிவப்பரிசிதான் சமைக்கிறன், வட்டைக்காரத் தம்பிக்குச் சந்தோசமா இருக்கும்.

ஓட்ஸ் 75 கிராமை ஒரே நேரத்தில சாப்பிட என்னால ஏலாது. காலையில 45 கிராம். பால்மா இல்லாம பாசிப்பயறு, கரட், சின்ன வெங்காயம், மிளகு போட்டு உப்புக் கஞ்சியா வைப்பன். இராவைக்கு 30 கிராம், இடிச்சு அரிசிமாவோட குழைச்சுப் பிட்டா. கஞ்சி எனக்குக் காலைச் சாப்பாடு, அதுக்கு மேல பாண் இல்ல.

கல்முனைக் கம்பவுண்டர் | ஜனவரி 18, காலை 9.00

பிட்டை விடக் கஞ்சி நிச்சயமானது. தண்ணீரில் நன்றாக வெந்து குழைந்தால்தான் அந்த நார் முழுதாகக் கரைந்து வெளியே வரும்.

வெண்டிக்காய், கத்தரிக்காய் பற்றித் தங்கை தெரிந்து எழுதினாரா தெரியாமல் எழுதினாரா என்று தெரியவில்லை. கனடாவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற மருத்துவரின் குழு 2003இல் செய்த ஆய்வில் ஓட்ஸ், பார்லி, பாதாம், சோயாவோடு இந்த இரண்டு காய்களும் இருந்தன. சாப்பாடு முழுவதையும் அவர்களே அளந்து கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் எல்.டி.எல். நூற்றுக்குக் கிட்டத்தட்ட 29 இறங்கியது, அதே காலத்தில் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கிட்டத்தட்ட 31. அதே உணவை வீட்டில் தாங்களே சமைத்துச் சாப்பிடச் சொல்லி 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு மாதத்தில் 13 அளவுதான் இறங்கியது. அளந்து கொடுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டுச் சட்டிக்கும் உள்ள வித்தியாசம் அது.

கல்லாற்று அடுப்படி | ஜனவரி 18, இரவு 9.20

தெரியாமத்தான் எழுதினன் ஐயா. வளவில வெண்டி நிக்குது, அதால சமைக்கிறன். என்ர 162க்கு 142 எண்டா நூற்றுக்கு 12. நீங்க சொன்ன வீட்டுச் சட்டிக் கணக்குக்குக் கிட்ட வருது. இவ்வளவு பாடுபட்டும் இவ்வளவுதானா எண்டு இருந்த மனக்குறை இண்டைக்குத்தான் போச்சு.

பனங்காட்டு மகள் | ஜனவரி 28, காலை 6.30

இந்த இழையைப் பார்த்து அப்பாவுக்கு இராச் சோற்றை நிப்பாட்டி ஓட்ஸ் கஞ்சி குடுத்தன். அவருக்குச் சீனி வருத்தம், பத்து வருசமாக் குளிசை. முந்தநாள் விடியப்புறம் ரெண்டு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, என்னை அம்மா எண்டு கூப்பிட்டார். குத்திப் பார்த்தா சீனி 58. சீனித் தண்ணி குடுத்து, கால் மணித்தியாலத்தால திரும்பப் பார்த்து, பாண் துண்டும் குடுத்த பிறகுதான் தெளிஞ்சார். ஓட்ஸ் ஒத்துக்கொள்ளேல்லையா?

கல்முனைக் கம்பவுண்டர் | ஜனவரி 28, காலை 7.05

மகள், நீங்கள் செய்த முதலுதவி சரி. பிழை ஓட்ஸில் இல்லை. சோற்றைக் குறைத்தீர்கள், குளிசையின் அளவு பழையபடியே இருந்தது. குளிசை அட்டையில் கிளிக்ளசைட் அல்லது கிளிபென்கிளமைட் என்று இருக்கிறதா பாருங்கள். இன்சுலினும் அப்படித்தான். சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். மெற்போமின் மட்டும் என்றால் இப்படி ஆவது அபூர்வம். இண்டைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். அதுவரை இரவுச் சோற்றைப் பழைய அளவில் கொடுங்கள். குளிசையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

பனங்காட்டு மகள் | ஜனவரி 29, மாலை 5.15

கிளிக்ளசைட்தான். இராக் குளிசையைப் பாதியாக்கி, ரெண்டு கிழமை சீனியைக் குத்தி எழுதிக்கொண்டு வரச் சொன்னாங்க.

கல்லாற்று அடுப்படி | ஜனவரி 29, இரவு 10.00

மகள், நான் 17ஆம் திகதி சோற்றைக் குறைச்ச கதையை எழுதக்குள்ள சீனிக் குளிசை போடுற ஆக்களை நினைக்கேல்ல. எனக்குச் சீனி வருத்தம் இல்லாததால அது மனசில வரேல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்க. அந்தக் குறிப்புக்கு மேல இதை எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கன்.

வாவிக்கரை | பெப்ரவரி 11, பகல் 12.50

தராசு வாங்கினன். இனிப்புப் பைக்கற்றை விட்டு வெறும் ஓட்ஸ், முதல் நாளே 75 கிராம். மூண்டு நாள் வயிறு ஊதிக் கடையில நிக்க ஏலாமப் போச்சு.

கல்லாற்று அடுப்படி | பெப்ரவரி 11, பகல் 2.00

பழகாத வயிறு. 30 கிராமில தொடங்கி, கிழமைக்கு பதினைஞ்சு பதினைஞ்சாக் கூட்டுங்க. தண்ணி கூடக் குடிங்க. கடலையையும் அதே கிழமையில தொடங்க வேணாம்.

சம்மாந்துறை வட்டைக்காரன் | மார்ச் 3, இரவு 8.45

கச்சான் நல்லதா கூடாதா? எங்கட காக்கா கச்சானில எண்ணெய் எண்டு தொடவே விடுறாரில்ல. கஜு எண்டா கொலஸ்ட்ரோல் ஏறும் எண்டும் சொல்றார்.

கல்லாற்று அடுப்படி | மார்ச் 4, காலை 6.15

ரெண்டும் நல்லதுதான், அளவும் இடமும் சரியா இருந்தா. கச்சான் எண்ணெயில பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு, தேங்காயெண்ணெய் மாதிரி இல்ல.

நான் விட்ட பிழையைச் சொல்றன். மாமாங்கத் திருவிழாவுக்குப் போய் வறுத்த கச்சான் ஒரு சுருள் வாங்கி வந்தன். நல்லது எண்டு கேள்விப்பட்டதால தொலைக்காட்சிக்கு முன்னால இருந்து தோலை உரிச்சு உரிச்சு முழுதையும் முடிச்சன். 100 கிராமுக்குக் கிட்ட இருந்திருக்கும். அது 570 கலோரி, ஒரு நேரச் சாப்பாடு. அதைச் சாப்பிட்டுட்டு இராவைக்குப் பிட்டும் சாப்பிட்டன். ரெண்டு மாசம் அப்படியே போய், நிறை ரெண்டு கிலோ கூடினது.

இப்ப 30 கிராம், உள்ளங்கை நிறைய ஒரு பிடி, பின்னேரம் நாலு மணிக்கு. முந்தி அந்த நேரத்தில கிறீம் பிஸ்கட் சாப்பிடுவன். பிஸ்கட் போன இடத்துக்குக் கச்சான் வந்தது. மேலதிகமாச் சாப்பிடாம எதுக்குப் பதிலாச் சாப்பிடுறம் எண்டதிலதான் பலன் இருக்கு. கஜுவும் அதே ஒரு பிடிதான், எண்ணெயில பொரிச்சு உப்புப் பிரட்டினது வேணாம். ஒரு பிடி கச்சான் மட்டும் எல்.டி.எல்.லைப் பெருசா இறக்கும் எண்டு நம்ப வேணாம். கொஞ்சம் இறக்கும்.

கல்லாற்று அடுப்படி | ஏப்ரல் 26, இரவு 9.30

சித்திரை வருசப் பிறப்புக்குப் பிறகு இண்டைக்கு ரிப்போர்ட் எடுத்தன். எல்.டி.எல். 139. ட்ரைகிளிசரைட் 228! போன ஜூலையில 160 இருந்தது. பாத்த உடன மனசு விழுந்து போச்சு.

இருந்து யோசிச்சன். பன்னிரண்டு நாளா பலகாரம். கொக்கீசும் பயத்தம் பணியாரமும் நானே சுட்டு, நானே ருசி பார்த்து, போன வீட்டிலெல்லாம் பால் ரீ குடிச்சன். ஓட்ஸை மட்டும் ஒரு நாளும் விடேல்ல. ட்ரைகிளிசரைட் சில நாள் சாப்பாட்டுக்கே ஆடும், எல்.டி.எல். கிழமைக் கணக்கிலதான் அசையும் எண்டு ஐயா முன்னம் எனக்குத் தனியா எழுதினவர். அது ரெண்டும் இந்த ஒரு கடிதாசியிலயே எழுதிக் கிடக்கு.

கொண்டாட்டத்துக்கு அடுத்த நாள் போய் ரத்தம் குடுக்காதீங்க. மூண்டு கிழமை வழக்கமான சாப்பாடு, மறுகா பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறு, போன முறை குடுத்த அதே இடத்தில குடுங்க.

கல்முனைக் கம்பவுண்டர் | ஏப்ரல் 27, காலை 8.20

இன்னொன்றும் உண்டு. பல ஆய்வுகூடங்களில் எல்.டி.எல்.லை நேராக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ரோலில் இருந்து நல்ல கொலஸ்ட்ரோலான எச்.டி.எல்.லைக் கழித்து, ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்குப் போடுவார்கள். ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. அப்படி வந்த ரிப்போர்ட்டில் எல்.டி.எல். குறைந்திருக்கிறது என்று யாரும் சந்தோசப்பட வேண்டாம்.

வாவிக்கரை | மே 19, மாலை 4.40

பெப்ரவரிக் கடைசியில இருந்து 75 கிராம். பணிஸ் இல்ல, ரீ ரெண்டு. எல்.டி.எல். 158க்கு 146. ட்ரைகிளிசரைட் 240க்கு 165. ஓட்ஸைப் பற்றி முதல் எழுதினதை வாபஸ் வாங்குறன்.

ஆனா டொக்டர் மாத்திரை எழுதிட்டார். அப்பா 46 வயதில நெஞ்சுவலியில போனவர் எண்டதை இந்த முறைதான் சொன்னன். அதைக் கேட்டதும், சாப்பாட்டை விடாதீங்க, மாத்திரையையும் தொடங்குங்க எண்டார். தோத்துப் போன மாதிரி இருக்கு.

கல்முனைக் கம்பவுண்டர் | மே 19, இரவு 7.55

மாத்திரையைத் தொடங்குங்கள் தம்பி. அப்பா அந்த வயதில் போனவர் என்றால் உங்கள் ஈரல் எல்.டி.எல்.லை எடுப்பதிலேயே பிறவிக் குறை இருக்கலாம். அதை எந்தக் கஞ்சியும் முழுதாகச் சரிக்கட்டாது. உடன்பிறந்தவர்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தைரொய்டும் பார்த்தார்களா? அது மந்தமானாலும் எல்.டி.எல். ஏறும்.

கல்லாற்று அடுப்படி | மே 20, காலை 5.40

தம்பி, மூண்டு மாசத்தில 12 புள்ளி நீங்களாகக் கையால இறக்கினது. அது வீணில்ல. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்க.

சம்மாந்துறை வட்டைக்காரன் | மே 20, இரவு 9.10

உம்மாவுக்கு ஒரு மாசமா மூண்டாம் பாலில சொதி வைக்கிறம். சொதிக்கு ருசி இல்ல எண்டு ஒவ்வொரு நாளும் சண்டை. ரிப்போர்ட் ஜூலையில. தேங்காயைப் பற்றி அதுக்குப் பிறகு பறைவம்.

கல்லாற்று அடுப்படி | ஜூன் 2, மாலை 6.20

திருத்தம். 45 கிராமுக்கு என்ர நீலக் கிண்ணத்தில கோடு போட்டு வச்சிருக்கன், ஒவ்வொரு நாளும் நிறுக்கிறதில்ல. புதுப் பைக்கற்று வேற வகை, செதில் பெருசு, தடிப்பு. கஞ்சி தண்ணியா வந்ததால சந்தேகப்பட்டு நிறுத்துப் பார்த்தா, அதே கோட்டுக்கு 37 கிராம்தான் இருக்கு. பைக்கற்று மாறினா கிண்ணத்தையும் ஒருக்காத் தராசில வச்சுக் கோட்டை மாத்திப் போடுங்க.